ஸ்கேன் நார்மல் என்றால் எண்டோமெட்ரியோசிஸ் இல்லை என்று அர்த்தமில்லை

"ஸ்கேன்ல ஒண்ணுமில்லம்மா, பீரியட்ஸ்னா வலி இருக்கத்தான் செய்யும்." எண்டோமெட்ரியோசிஸைக் கண்டுபிடிக்கப் பல வருடங்கள் ஆவதற்குக் காரணங்கள் நிறைய. என் கணக்கில் முதல் காரணம் இந்த வாக்கியத்தின் முன்பாதிதான்.

கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே, வயிற்றின் உள்ளுறையிலும் சினைப்பையிலும் கர்ப்பப்பைக்குப் பின்பக்கமும் ஒட்டி வளர்வதுதான் இந்த நோய். மாதாமாதம் ஹார்மோன் ஏறி இறங்கும்போது அதுவும் வீங்கும், கசியும். கசிந்த ரத்தம் வெளியேற வழியில்லை. அந்த இடம் புண்ணாகி, தழும்பாகி, பக்கத்து உறுப்போடு ஒட்டிக்கொள்ளும். வலி மாதவிடாயோடு சேர்ந்து ஏறுவது இதனால்தான்.

சாதாரண அல்ட்ராசவுண்டில் சினைப்பையில் உள்ள சாக்லேட் சிஸ்ட், அதாவது பழைய ரத்தம் தேங்கிய கட்டி, நன்றாகத் தெரியும். ஆழமாக இறங்கிய கட்டிகள், அதில் பழகியவர் பிறப்புறுப்பு வழியாகத் தேடிப் பார்த்தால் பெரும்பாலும் தெரியும். உறையின் மேல் சில மில்லிமீட்டரில் இருக்கும் புள்ளிகள் பொதுவாகத் தெரியாது. எம்ஆர்ஐயும் அவற்றைத் தவறவிடும். வலியின் அளவுக்கும் புள்ளிகளின் அளவுக்கும் நேரடித் தொடர்பும் இல்லை. ஆக, "நார்மல்" என்ற ரிப்போர்ட் பெரும்பாலும் சொல்வது சிஸ்ட் இல்லை என்பதை மட்டும்தான்.

ஓர் உதாரணம். 26 வயதுப் பெண்ணுக்கு வயிறு உப்பல், மலம் கழிக்கும்போது உயிர் போகும் வலி. குடல் மருத்துவரிடம் போகிறார், கொலோனோஸ்கோபி சுத்தமாக வருகிறது, ஐபிஎஸ் எனப்படும் குடல் எரிச்சல் நோய் என்று எழுதி மாத்திரை தருகிறார்கள். கொலோனோஸ்கோபி குடலை உள்ளிருந்து பார்க்கிறது. எண்டோமெட்ரியோசிஸ் வெளிச்சுவரிலிருந்து உள்ளே வருவது, உள்சவ்வை அரிதாகவே எட்டும். அவர் மூன்று மாதம் குறித்து வைக்கிறார்: தேதி, ரத்தப்போக்கு, வலி எங்கே, பத்துக்கு எவ்வளவு, மலம், சிறுநீர், உடலுறவின்போது வலி உண்டா, எந்த மாத்திரை எத்தனை மணி நேரம் கேட்டது. பார்த்தால், ரத்தம் வருவதற்கு இரண்டு நாள் முன்பு தொடங்கி மூன்றாம் நாள் வரை மலம் கழிக்கும் வலி 8, மற்ற நாட்களில் 1 அல்லது 2. இந்தத் தாளைப் பார்த்தபின் ஐபிஎஸ் என்று மட்டும் சொல்லி அனுப்புவது கஷ்டம். (வருடக்கணக்கில் முற்றியவர்களுக்கு வலி மாதம் முழுக்கவும் இருக்கலாம். கிரமம் தெரியவில்லை என்று அவர்களைத் தள்ளிவிடவும் கூடாது.)

இன்னொரு தாமதம், "லேப்ராஸ்கோபி செய்தால்தான் உறுதி, அதுவரை சிகிச்சை இல்லை" என்ற பழைய பிடிவாதம். லேப்ராஸ்கோபி என்பது வயிற்றில் சிறு துளையிட்டு கேமரா விட்டுப் பார்க்கும் அறுவை. 2022 ஐரோப்பிய வழிகாட்டுதல் இதைத் தளர்த்திவிட்டது. அறிகுறிகளை வைத்தே ஹார்மோன் சிகிச்சையைத் தொடங்கலாம். ஸ்கேனில் தெரியாதபோதோ மருந்து கேட்காதபோதோ அறுவைக்குப் போகலாம். ஆனால் மாத்திரையில் வலி குறைந்தது நோயை நிரூபிக்காது, குறையாதது நோய் இல்லை என்றும் ஆகாது. கர்ப்பமாக முயல்பவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது, கருத்தரிப்பதை அது தடுக்கும். அப்படி முயல்கிறீர்கள் என்றால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்த முறை ஸ்கேனுக்கு எழுதும்போது, "ஆழமான எண்டோமெட்ரியோசிஸ் உள்ளதா, சினைப்பையும் குடலும் கர்ப்பப்பையோடு ஒட்டியுள்ளனவா" என்ற கேள்வியையும் சீட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். வெறும் "வயிற்று வலி" என்றிருந்தால் ஸ்கேன் எடுப்பவர் அதைத் தேடமாட்டார்.