8 ஜிபி ரேம் காணுமோ? முதலில் அது 8 தானோ எண்டு பாருங்கோ

கேம் விளையாட 8 ஜிபி ரேம் காணுமோ எண்டு கேட்டால் கடைக்காரர் "தாராளமாக் காணும்" என்பார். யூடியூப்காரர் "32 இல்லாமல் கதைக்கவே வேண்டாம்" என்பார். ரெண்டு பேரும் உங்கட லப்டொப்பைப் பார்த்ததில்லை.

கொக்குவிலில் அக்காவின்ர மகனிட்ட இருக்கிறது ரைசன் 5 5500U லப்டொப். தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லை, 8 ஜிபி ஒரே குச்சியில. வலோரன்ட் நல்லாப் போய்க்கொண்டிருக்கும், சரியாச் சண்டை நேரம் பார்த்து இறுகி நிக்கும். "மாமா, வேற லப்டொப் வாங்கவேணும்" எண்டு ஒரே பிடி.

Task Manager-ஐத் திறந்து Performance, பிறகு Memory போய்ப் பார்த்தம். Hardware reserved எண்ட இடத்தில 2 ஜிபிக்குக் கிட்ட. தனிக் கார்ட் இல்லாத மெஷினில கிராபிக்ஸ் சிப்புக்குச் சொந்த மெமரி கிடையாது, ரேமில ஒரு பங்கை முதலே ஒதுக்கிப்போடும். அப்ப மிச்சம் 6. விண்டோஸ் 11 சும்மா நிக்கவே 3 மட்டில எடுக்குது. பின்னால குரோமும் டிஸ்கோர்ட்டும். கேமுக்கு மிஞ்சினது ரெண்டு கூட இல்லை.

இடம் முடிஞ்சால் விண்டோஸ் ரேமில இருக்கிறதைத் தூக்கி டிஸ்கில வைக்கும். திரும்பத் தேவைப்படேக்க எடுத்துவரும் வரைக்கும் கேம் நிக்கும். எஸ்எஸ்டி எண்டால் சின்ன இழுவை, பழைய ஹார்ட் டிஸ்க் எண்டால் தேத்தண்ணி குடிச்சிட்டு வரலாம். நிக்கிற நேரத்தில டிஸ்க் 100 வீதத்தில ஓடினால் பெரும்பாலும் ரேம்தான் பிரச்சினை. எப்பவும் ஒரே சீராக் குறைஞ்ச எஃப்பிஎஸ்தான் வருகுதெண்டால் ரேமைக் குற்றம் சொல்லாதேங்கோ, அது கிராபிக்ஸின்ர இயலாமை.

குரோமை மூடினதும் பாதி சரி. அதே பக்கத்தில Slots used: 1 of 2 எண்டு இருந்தபடியால் இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 குச்சி போடச் சொன்னன். ரெண்டு குச்சி எண்டால் ரெண்டு சனல். ரேமையே நம்பியிருக்கிற கிராபிக்ஸுக்குத் தரவு வாற பாதை இரட்டிப்பாகும், எஃப்பிஎஸ்ஸும் ஏறும். தனிக் கார்ட் உள்ள மெஷினில இந்த லாபம் இவ்வளவு தெரியாது. சில மொடல்களில ரேம் போர்ட்டோட ஒட்டியே வரும், காசு குடுக்க முதல் பாருங்கோ. 2025 கடைசியில இருந்து ரேம் விலை வேற ஏறிக்கிடக்கு.

என்ர கருத்து: வலோரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2, பழைய ஜிடிஏ 5 மட்டும்தான் எண்டால், தனிக் கார்ட் இருந்தால் 8 இப்பவும் காணும். புதுசுகளுக்குக் காணாது. சைபர்பங்க் 2077 வெளிவந்த 2020இல குறைந்தது 8 எண்டு கேட்டது, 2023இல அதே கேம் 12 எண்டு மாத்தினது. அலன் வேக் 2, பிளாக் மித் வுகொங் ரெண்டும் 16இல தான் தொடங்கும்.

மருமகன் இப்ப வுகொங் கேக்கிறான். 16 போட்டாலும் அந்த லப்டொப்பில அது சரிவராது, கார்ட் இல்லையெல்லோ.