முப்பது பேரும் ஒரு பிறந்தநாளும்

(பின்னேரம் ஐந்தரை. காலி வீதி, வெள்ளவத்தைச் சந்தைக்குப் பக்கத்தில் ஓட்டோ அசையாமல் நிற்கிறது. பின்னால் கணக்கு டியூசன் சேர்.)

ஓட்டோக்காரர்: என்ன சேர், முகம் வாடிப் போயிருக்கு? பிள்ளைகள் கணக்கில் பிழை விட்டுட்டாங்களா?

சேர்: கணக்கு சரியாக வந்தது அண்ணை, அதுதான் வில்லங்கம். வகுப்பில் 30 பேர். யாராவது இரண்டு பேருக்கு ஒரே நாளில் பிறந்தநாள் வர எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டேன்.

ஓட்டோக்காரர்: 365 நாளில் 30 பேர். நூற்றுக்கு எட்டு!

சேர்: முன்வாங்குப் பிள்ளையும் அதையேதான் சொன்னாள். இன்னொருத்தன் எழும்பி, பாதிக்குப் பாதி வாய்ப்பு வரவே 183 பேர் வேணும் சேர் என்கிறான். எல்லோரும் தன்னுடைய நாளோடு மற்றவன் நாள் பொருந்துமா என்றே பார்க்கிறார்கள். நான் கேட்டது யாரோடு யாராவது. 30 பேருக்குள் 435 சோடி இருக்கிறது அண்ணை.

ஓட்டோக்காரர்: 365ஐத் தாண்டிட்டுதே, அப்ப நிச்சயம் பொருந்தும்!

சேர்: பொறுங்கோ. பெப்ரவரி 29ஐ விட்டால், நிச்சயத்துக்கு 366 பேர் வேண்டும். முதலில் பொருந்தாமல் போகும் வாய்ப்பைப் பார்க்கணும். முதல் பிள்ளைக்கு எந்த நாளும் சரி. இரண்டாம் பிள்ளை அந்த ஒரு நாளைத் தவிர்க்க வேண்டும், 364/365. மூன்றாம் பிள்ளை இரண்டு நாளை, 363/365. இப்படியே பெருக்கிக்கொண்டு போனால் ஒவ்வொரு பின்னமும் ஒன்றுக்குக் கிட்டத்தான் நிற்கும், ஆனால் விடை கரைந்துகொண்டே வரும். பத்தாம் பிள்ளையில் 0.88. 23ஆம் பிள்ளையில் 0.493, பாதிக்குக் கீழே! கல்குலேட்டர் வைத்திருந்த பையன், பிழையாக அமத்திட்டேன் போல என்று முதலிலிருந்து தொடங்கினான். 30இல் 0.294. ஆக, பொருந்தும் வாய்ப்பு நூற்றுக்கு 70க்கு மேல்.

ஓட்டோக்காரர்: பிறகு ஒவ்வொருத்தரிடமும் கேட்டுப் பார்த்தீங்களா?

சேர்: கேட்டேன். முப்பது பேருக்கும் முப்பது நாள்.

ஓட்டோக்காரர்: ஐயோ.

சேர்: பத்து வகுப்பில் மூன்றில் இப்படித்தான் நடக்கும் என்று கத்தினேன். யார் கேட்டது, சேரின் கணக்குப் பிழை என்று சிரித்துக்கொண்டே படியிறங்கிவிட்டார்கள்.

ஓட்டோக்காரர்: விடுங்க சேர். எங்கட ஓட்டோ பார்க்கில் 12 பேர் இருக்கிறோம். பந்தயம் பிடிக்கலாமா?

சேர்: 12 பேருக்கு நூற்றுக்கு 17தான். பொருந்தாது என்று பிடியுங்கோ, ஆறில் ஐந்து தரம் வெல்லலாம்.

ஓட்டோக்காரர்: அப்ப ஐயாயிரம் வைக்கிறேன்!

சேர்: ஒன்று, ஒருத்தர் பிறந்த நாளுக்கும் மற்றவர் பிறந்த நாளுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. அப்போதுதான் இந்தக் கணக்கு நிற்கும்.

ஓட்டோக்காரர்: அண்ணன் தம்பி ஒரு சோடி இருக்கிறாங்களே, பரவாயில்லையா?

சேர்: அதற்கென்ன. எவ்வளவு வித்தியாசம்?

ஓட்டோக்காரர்: ஏழு நிமிஷம், சேர்.