டிஸ்கிரிப்ஷன் வரி மட்டும் போதாது

“டிஸ்கிரிப்ஷன் கடைசியில ‘அமேசான் அசோசியேட்’ வரி போட்டாச்சு, வீடியோவுல தனியா சொல்லத் தேவையில்ல.”

யூடியூப்ல மைக் ரிவ்யூ போட்டு, அமேசான் லிங்க் மூலமா கமிஷன் வாங்குறவங்க இப்படிச் சொல்றாங்க. பாதிதான் சரி. அந்த வரி அமேசான் தன் ஒப்பந்தத்துக்காகக் கேட்பது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, கமிஷன் வருதுங்கிற அறிவிப்பு வீடியோவுக்குள்ளேயே வரணும். பேச்சிலும் திரையிலும், வீடியோ எந்த மொழியோ அதே மொழியில். தமிழ் ரிவ்யூவுக்கு அடியில், விரிச்சாத்தான் தெரியுற இங்கிலீஷ் வரியை யார் படிக்கிறாங்க? மைக்கைக் கையில் காட்டும்போதே “இந்த லிங்க்ல வாங்கினா எனக்குக் கமிஷன் வரும்”னு சொல்லிடுங்க, முடிஞ்சது.

இன்னொருத்தர் “நான் காசு கொடுத்து வாங்கின பொருள்தானே”ங்கிறார். இருக்கட்டும், விற்றால் கமிஷன் வருதில்லையா? அதைத்தான் பார்ப்பவருக்குச் சொல்லணும். வாங்கிப் பயன்படுத்தியது நல்லதுதான். பயன்படுத்தாத பொருளைப் பரிந்துரைக்கக் கூடாதுன்னும் அதே வழிகாட்டுதல் சொல்லுது. கமிஷன் அதிகம்னு தொட்டுக்கூடப் பார்க்காத மைக்கை ‘பெஸ்ட்’ பட்டியலில் முதலிடத்தில் வைக்கிறவங்களுக்கு அது உறைக்கணும்.