நான்கு நாள் வாரம்: இயக்குநர் குழுவிடம் எதை வைப்பது?

“சம்பளத்தைக் குறைக்காமல் ஒரு நாளைக் குறைத்தால் வருமானம் விழாதா என்று போர்டு கேட்டால் என்ன பதில்?”

2022-ல் பிரிட்டனில் 61 நிறுவனங்கள் ஆறு மாதம் இதைச் சோதித்தன. 56 நிறுவனங்கள் சோதனைக்குப் பிறகும் தொடர்ந்தன. வருமானக் கணக்கு தந்த நிறுவனங்களில் அது சராசரியாக 1.4 சதவீதம் கூடியது. வேலையை விட்டுப் போவோர் எண்ணிக்கை 57 சதவீதம் குறைந்தது. ஆனால் இவை தாமாக முன்வந்த நிறுவனங்கள், ஒப்பிட வேறொரு குழுவும் இல்லை. இதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். போர்டில் யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் மற்ற எண்களையும் நம்பமாட்டார்கள்.

உண்மையான ஆபத்து வாடிக்கையாளர் சேவையில்தான் இருக்கிறது. பத்துப் பேர் குழுவில் எல்லோருக்கும் வெள்ளி விடுமுறை என்றால் அன்று போன் எடுக்க ஆளில்லை. தினம் இரண்டு பேர் என்று பிரித்தால் ஐந்து நாளும் எட்டுப் பேர் இருப்பார்கள். திங்களன்று அழைப்புகள் குவியுமென்றால் அன்று ஒருவருக்கு மட்டும் விடுமுறை, மற்ற நாட்களில் இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று. மூன்று பேர் இல்லாத நாளில் இன்னொருவர் லீவு போட்டால் ஆறு பேர்தான். அந்த ஆறு பேர் போதுமா என்பதைப் பழைய அழைப்புப் பதிவை வைத்துப் பாருங்கள்.

தொடங்கும் முன் மூன்று மாதத்துக்கு, வாடிக்கையாளருக்கு முதல் பதில் போக ஆகும் நேரத்தையும் தேங்கிய வேலையையும் அளந்து வையுங்கள். தொடங்கிய பிறகு, விடுமுறை நாளில் ஊழியர்கள் அனுப்பும் மெயில்களையும் எண்ணுங்கள். அது வாராவாரம் ஏறினால் வேலை குறையவில்லை, வீட்டுக்குப் போயிருக்கிறது. பெரும்பாலும் காரணம், கூட்டங்களைக் குறைக்காமல் நாளை மட்டும் குறைத்தது. இது ஆறு மாதச் சோதனை என்பதையும், எந்த எண் மோசமானால் பழைய முறைக்குத் திரும்புவோம் என்பதையும் தீர்மானத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.