நாலரை மார்க் போட்டவரை மட்டும் ஏன் வறுத்தெடுக்கிறீர்கள்?

இரண்டு நாளாகச் சமூக ஊடகத்தில் ஒரு பொதுத்தேர்வு விடைத்தாள் படம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. சுமாரான ஆங்கிலக் கட்டுரை, ஐந்துக்கு நாலரை. "படிக்காமலே போட்டிருக்கான்", "சம்பளம் வாங்கிட்டுத் தூங்குறாங்க". சரி, சிரித்து முடித்தாயிற்றா? இப்போது திருத்துபவரின் மேசைக்கு வாருங்கள்.

அது எந்த வாரியம் என்பது எனக்கு வேண்டாம். சி.பி.எஸ்.இ. திருத்தும் விதிகள் பொதுவெளியில் இருப்பதால் அதை வைத்தே சொல்கிறேன். தாளைக் கையில் வைத்துத் திருத்தும் முறையில், முக்கியப் பாடத்தில் ஒருவர் எட்டு மணி நேரத்தில் 20 தாள் திருத்த வேண்டும். அதாவது ஒரு தாளுக்கு 24 நிமிடம். 80 மார்க் தாளில் ஐந்து மார்க் கட்டுரையின் பங்கு ஒன்றரை நிமிடம். தாள் புரட்டுவது, கூட்டுவது, முன்பக்கத்தில் எழுதுவது எல்லாம் அதற்குள்தான்.

அந்த ஐந்து மார்க்கும் முழுசாகக் கையில் வருவதில்லை. வடிவத்துக்கு ஒன்று, கருத்துகளை அடுக்கியதற்கு ஒன்று, உள்ளடக்கத்துக்கு இரண்டு, எழுத்துப்பிழை இலக்கணத்துக்கு ஒன்று என்று பிரிந்து வருகிறது. சமூக ஊடகத்தின் தீமைகள் பற்றி ஒரு கட்டுரை என்று வையுங்கள். தலைப்பும் பெயரும் இருக்கின்றன, வடிவத்துக்கு ஒன்று. பத்தி பிரித்திருக்கிறான், ஆனால் ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் சொல்கிறான், அரை. நேரம் வீணாகிறது, கண் கெடுகிறது என்று எல்லோரும் எழுதும் இரண்டு கருத்துதான், ஒன்று. ஆறேழு பிழை, அரை. மொத்தம் மூன்று. நேர்மையான மார்க் இதுதான்.

இந்த மூன்று எப்படி நான்காகிறது? கருத்து பழசுதான், ஆனால் தவறில்லை, விடைக்குறிப்போடு ஒத்துப்போகிறது. அப்புறம் எதற்கு ஒரு மார்க்கைப் பிடித்து வைத்தாய் என்று கேட்டால் காட்ட எதுவும் இல்லை. "சிந்தனை மேலோட்டமாக இருக்கிறது" என்பதற்கு விடைக்குறிப்பில் கட்டமே கிடையாது. ஆக உள்ளடக்கத்துக்கு ஒன்றரை. பிழைக்கும் அப்படியே: எத்தனை பிழைக்கு அரை மார்க் வெட்டலாம்? கறாரான எண் இல்லாதபோது மாணவன் பக்கம்தான் சாய வேண்டியிருக்கிறது. அங்கே இன்னொரு அரை. நாலு வந்துவிட்டது. பத்தி பிரித்ததற்கும் மனசு இளகினால் நாலரை.

குறைத்தால்தான் கேள்வி. கூட்டினால் கேள்வி இல்லை. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். முதல் நாள் முதல் ஐந்து தாளைத் தலைமைத் தேர்வாளர் பார்க்க வேண்டும் என்பது விதி. தகுதியான விடைக்கு முழு மார்க் தரத் தயங்காதீர்கள் என்பதும் எழுத்திலேயே இருக்கிறது. நல்ல அறிவுரைதான். சுமாரான விடைக்குக் குறைக்கத் தயங்காதீர்கள் என்று அதே அழுத்தத்தில் யார் சொன்னார்கள்? மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிப்பவர்களில் "எனக்கு அதிகம் போட்டுவிட்டார்கள்" என்று ஒருவராவது உண்டா?

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை, கறார்ப் பேர்வழி, இப்படிப்பட்ட கட்டுரைகளுக்கு இரண்டரை, மூன்று என்றுதான் போடுவார். பக்கத்து மேசையில் நாலு நாலாகப் போகும். ஒரே பள்ளிப் பிள்ளைகளின் கட்டுகள் இரண்டு மேசைக்கும் பிரிந்து வரலாம். "உங்க கட்டுல விழுந்த பசங்க மட்டும் என்ன பாவம் பண்ணாங்க, டீச்சர்?" என்று கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்? மறுநாளிலிருந்து அவரும் நாலுதான்.

"மனசாட்சி வேண்டாமா சார்?" என்று ஒருவர் வருவார். வேண்டும்தான். ஆனால் ஊரே நாலு போடும்போது ஒருவர் மட்டும் மூன்று போட்டால் தரம் உயராது, அந்தக் கட்டில் இருக்கும் பிள்ளைகள்தான் அடிபடுவார்கள்.

"அப்போ உச்சவரம்பு வையுங்கள்" என்பவருக்கு: அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2004-இல் 'ஏ' கிரேடு 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்துப் பார்த்தது. மற்ற பல்கலைக்கழகங்கள் தாராளமாகப் போட, தங்கள் பிள்ளைகள் மட்டும் வேலைக்கும் மேற்படிப்புக்கும் பின்தங்குவார்கள் என்ற பயம் போகவில்லை. 2014-இல் கைவிட்டார்கள். அவ்வளவு பெரிய இடத்துக்கே முடியாதது, ஒரு மேசையில் சிவப்பு மைப் பேனாவோடு உட்கார்ந்திருப்பவருக்கு முடியுமாம்!

"பிள்ளைங்களுக்கு நாலு மார்க் கூடக் கிடைச்சா உங்களுக்கென்ன வயித்தெரிச்சல்?" இதுதான் என்னை நிஜமாகவே கோபப்படுத்துகிற கேள்வி. சுமாரானவனுக்கு மூன்று நான்காகலாம். நன்றாக எழுதியவளின் நாலரை எங்கே போகும்? ஐந்தோடு கூரை இடிக்கிறது. ஒன்றரை மார்க் இருந்த இடைவெளி ஒன்றாகச் சுருங்கிவிட்டது. சுமாரானவனுக்கு நாலரை என்றால் மிஞ்சுவது அரை. இதோடு பள்ளியே போடும் 20 அகமதிப்பீட்டு மார்க்கில் இருவருக்கும் பத்தொன்பது, இருபது. 2020-இல் டெல்லி பல்கலைக்கழகத்தின் லேடி ஸ்ரீராம் கல்லூரியில் சில படிப்புகளுக்குக் கட்-ஆஃப் நூற்றுக்கு நூறில் நின்றது இப்படித்தான். 2022-இல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர க்யூட் நுழைவுத் தேர்வு வந்தது, கொள்குறி வினாக்களோடு. சொந்தமாக யோசித்து ஒரு பத்தி எழுதத் தெரிந்த அந்தப் பெண், அந்தத் திறமைக்கு இடமே இல்லாத தேர்வுக்கு, பணம் கட்டிக் கோச்சிங் போகிறாள்.

அவளுடைய விடைத்தாளை யாரும் படம் பிடித்துப் போடவில்லை. நீங்கள் நாலரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருங்கள்.