அதை அலட்சியம் என்று சொல்லாதீர்கள்

போன வாரம் நம் ஊர் முகாமில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். கருப்பை வாய்ப் பரிசோதனை முடித்து வெளியே வந்த ஒரு பெண்ணிடம், வராந்தாவில் அத்தனை பேர் உட்கார்ந்திருக்க, “உங்களுக்குப் பாசிட்டிவ், பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்” என்று சத்தமாகச் சொன்னார்கள். சாயங்காலத்துக்குள் தெருவில் அது கேன்சர் ஆகிவிட்டது. மறுநாள் “யார்கிட்ட வாங்கினாளோ” என்றும் ஆகிவிட்டது. அன்றைக்கு வரவேண்டிய பெண்களில் பாதிப் பேர் வரவில்லை. அதற்கு ஒருவர் எழுதுகிறார்: “கடற்கரைப் பெண்களுக்கு உடம்பு மேல் அலட்சியம்.”

அண்ணே, அது அலட்சியம் இல்லை, பயம். நானும் நான்கு வருடம் பயந்து தள்ளிப்போட்டவள்தான்.

செவிலியர் அக்கா முதலில் கூப்பிட்டபோது எனக்கு 38 வயது. வலி இல்லை, ரத்தம் இல்லை, எதற்கு என்று இருந்துவிட்டேன். வலி வரும்போது காலம் கடந்திருக்கும் என்று அப்போது தெரியாது. ஒரு வழியாக 42 வயதில் போனேன். கருவி வைத்துப் பார்த்து, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில், அதாவது வினிகரில் இருக்கும் அதே அமிலத்தில், நனைத்த பஞ்சைக் கருப்பை வாயில் வைத்து, ஒரு நிமிடம் காத்திருந்தார்கள். மாறிப்போன செல்கள் இருந்தால் அந்த இடம் அடர்ந்த வெள்ளையாகத் தெரியும். எனக்குத் தெரிந்தது. அதைத்தான் பாசிட்டிவ் என்கிறார்கள். அதற்குக் கேன்சர் என்று அர்த்தமே இல்லை. சாதாரணப் புண், அழற்சி இருந்தாலும் வெளுக்கும். அதனால்தான் அடுத்து பெரியாஸ்பத்திரியில் உருப்பெருக்கிக் கருவியால் பார்த்து, சந்தேகம் இருந்தால் துளி சதை எடுத்துப் பரிசோதிக்கிறார்கள்.

எனக்கு வந்த முடிவு, கேன்சருக்கு முந்தைய மாற்றம். அந்த இடத்தைச் சூடு வைத்து அழித்தார்கள். சில நிமிட வேலை, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு மாதம் கணவரோடு சேரக் கூடாது என்றார்கள். அதை அவரிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: “இது எப்படி வந்துச்சு?”

அந்த ஒரு கேள்விக்குத்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் பயப்படுகிறார்கள். புரிகிறதா?

“உறவில் பரவும் வைரஸ்தானே, கேட்டால் என்ன தப்பு?” என்று யாராவது வருவீர்கள். சொல்கிறேன். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ், தாம்பத்தியத்தில் இருக்கும் பெரும்பாலான ஆண் பெண்ணுக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வந்து போவது. அனேகம் பேருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே விரட்டிவிடும். போகாமல் தங்கிவிட்டாலும், அது புற்றுநோயில் கொண்டுபோய் விடப் பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருடம் ஆகும். 42 வயதில் வெள்ளை தெரிந்தால் அந்த வைரஸ் எந்த வருடம், யாரிடமிருந்து வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. கணவனிடமிருந்தே வந்திருக்கலாம். ஆனால் தெருவில் கேள்வி அவளை நோக்கித்தானே வருகிறது?

“முகாமில் சொன்னவர்களுக்கும் வேலைப்பளு” என்பீர்கள். இருக்கட்டும். தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

பாசி எடுக்கும் பெண்களுக்கு இன்னொன்றும் உண்டு. கடல் வற்றும் நாட்கள்தான் அவர்களுக்குச் சம்பாத்தியம். அந்த நாளில் முகாம் வைத்துவிட்டு, வரவில்லை என்கிறீர்கள்.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-க்குப் பிறகு, பயிற்சி பெற்ற செவிலியர்கள் கிராமம் கிராமமாகப் போய் இதே பரிசோதனையைச் செய்தார்கள். கூப்பிட்ட பெண்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் வந்தார்கள். பரிசோதனை நடந்த பகுதிகளில் இந்த நோயால் சாவது 35 சதவீதம் குறைந்தது. 2007-இல் வெளிவந்த முடிவு அது. அவர்களும் நம்மைப் போல் கிராமத்துப் பெண்கள்தான்.

இப்போது மகள்களுக்கு எச்.பி.வி. தடுப்பூசி. 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் போடுவதாகத் தமிழக அரசு 2025 நிதிநிலை அறிக்கையில் சொன்னது. “இந்த வயசுல எதுக்கு, பிள்ளை கெட்டுப்போகும்” என்கிறார்கள். வைரஸ் உடம்பில் நுழைவதற்கு முன்னால் போட்டால்தான் அது முழுசாக வேலை செய்யும். அதனால்தான் அந்த வயது. ஏற்கெனவே தங்கிவிட்ட வைரஸை அது விரட்டாது, எல்லா வகையையும் தடுக்கவும் தடுக்காது. ஆகவே ஊசி போட்ட பிள்ளையும் 30 வயதுக்குப் பிறகு பரிசோதனைக்குப் போக வேண்டும். அம்மை ஊசி போட்டபோது பிள்ளை என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லையே. ரூபெல்லா ஊசிக்கும் கேட்கவில்லை. இதற்கு மட்டும் ஏன் பெண் பிள்ளையின் ஒழுக்கம் பேச்சில் வருகிறது? எனக்கு வயிறு எரிகிறது.

என் சித்திக்கு மாதவிடாய் நின்று ஆறு வருடம் கழித்து ரத்தம் பட்டது. “சூடு” என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்தார். யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட. மதுரைக்குக் கொண்டு போனபோது அறுவை செய்யும் கட்டம் தாண்டியிருந்தது. சித்திக்கு அலட்சியம் என்று யாராவது என் முகத்துக்கு நேரே சொல்லுங்கள், பார்க்கலாம்.

முகாமில் பாசிட்டிவ் என்று கேட்ட அந்த மதினி இன்னும் பெரியாஸ்பத்திரிக்குப் போகவில்லை. வீட்டை விட்டே வெளியே வரவில்லை. நேற்று ராத்திரி கதவைத் தட்டிப் பேசினேன். வியாழக்கிழமை பாசிக்குப் போகாத நாளாம். காலை முதல் பஸ்ஸில் நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.