மாறாத மதிப்பெண்ணையும் எழுதி வையுங்கள்

நேர்காணல் முடிந்து எல்லோரும் கிளம்பும் நேரத்தில் குழுவில் யாராவது ஒருவர் சொல்வார்: "மார்க் ஷீட்டெல்லாம் அடித்தல் திருத்தலா இருக்கு. புதுசா ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்து வாங்கிடுங்க." நல்ல எண்ணத்தில்தான் சொல்வார். தேர்வுக் குழுவுக்கு மினிட்ஸ் எழுதும் வேலையில் பல முறை உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன்: பின்னாளில் நம்மை மாட்டிவிடுவது அந்தச் சுத்தமான தாள்தான். அடித்தல் திருத்தல் உள்ள தாள் நம்மைக் காப்பாற்றியிருக்கிறது. அந்தக் கதை இது.

ஒரு கணக்கு அலுவலர் பதவி. குழுவில் மூன்று பேர். துறை அறிவு, சிக்கலை அணுகும் விதம், விளக்கிச் சொல்லும் திறன், குழுவாக வேலை செய்த அனுபவம் என்று நான்கு அளவுகோல்கள். ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண், துறை அறிவு மட்டும் இரட்டிப்பு. ஆக ஓர் உறுப்பினர் அதிகபட்சம் 25 தரலாம், மூவருமாக 75. துறை அறிவில் எப்படிப்பட்ட பதிலுக்கு 2, எதற்கு 3, எதற்கு 5 என்பதையும் விண்ணப்பங்களைப் பிரிப்பதற்கு முன்பே எழுதித் தேதி போட்டிருந்தோம்.

கூடவே ஒரு விதியும் இருந்தது. மூவரும் ஒருவரோடு ஒருவர் பேசாமல் தனித்தனியாக மதிப்பெண் போட வேண்டும். அப்புறம் தாள்களை ஒப்பிட்டு, ஒரே அளவுகோலில் 2 அல்லது அதற்கு மேல் இடைவெளி இருந்தால் அதை மட்டும் பேச வேண்டும். மற்ற எதையும் தொடக் கூடாது. பேசிவிட்டு மதிப்பெண் போட்டால் முதலில் வாய் திறப்பவரின் எண்ணைச் சுற்றியே மற்றவர்களின் எண்ணும் வந்து நிற்கும். முதலில் வாய் திறப்பவர் பெரும்பாலும் தலைவர்.

கூட்டிப் பார்த்தபோது நேர்காணலுக்கு இரண்டாவதாக வந்தவருக்கு மூன்று உறுப்பினர்களும் 18, 17, 19 தந்திருந்தார்கள். மொத்தம் 54, அவர்தான் முதலிடம். ஐந்தாவதாக வந்தவருக்கு 19, 14, 20. மொத்தம் 53. அந்த 14 ஏன் என்று பார்த்தால், துறை அறிவில் மற்ற இருவரும் 4 கொடுத்த இடத்தில் இரண்டாம் உறுப்பினர் 2 போட்டிருந்தார். இடைவெளி 2. விதிப்படி பேசியாக வேண்டும்.

கேள்வி இதுதான்: வங்கிக் கணக்கில் உள்ள இருப்பும் நம் ஏட்டில் உள்ள இருப்பும் ஒத்துப்போகவில்லை, எங்கே தொடங்குவீர்கள்? "வங்கியிடம் ஸ்டேட்மென்ட் கேட்பேன் என்று மட்டும்தான் சொன்னார், அதற்கு 2தான்" என்றார் இரண்டாம் உறுப்பினர். மற்ற இருவரின் கைக்குறிப்பிலும் இன்னொரு வரி இருந்தது. போன மாதம் சரிபார்த்து முடித்த இருப்பிலிருந்து தொடங்கி, இன்னும் பணமாகாத காசோலைகளையும் வங்கி பிடித்த கட்டணங்களையும் பார்ப்பேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். ஆனால் அதற்குரிய கேள்வியில் சொல்லவில்லை. அடுத்த கேள்விக்குப் பதில் சொல்லும்போது திரும்பி வந்து சொன்னார். அந்த நேரத்தில் இரண்டாம் உறுப்பினர் குனிந்து முந்தைய பதிலைக் குறித்துக்கொண்டிருந்தார்.

அவர் 2ஐ 3 ஆக்கினார். 4 கொடுக்கவில்லை, "விஷயம் தெரிந்திருக்கிறது, கேட்ட இடத்தில் வரவில்லை" என்றார். அது அவர் உரிமை. இரட்டிப்பு என்பதால் 14 என்பது 16 ஆனது. 53 என்பது 55 ஆனது. முதலிடம் கைமாறியது.

நான் செய்தது இவ்வளவுதான். பழைய 2 படிக்கும்படி ஒரே கோடு போட்டு அடிக்கச் சொன்னேன். பக்கத்தில் 3, சுருக்கொப்பம், நேரம். மினிட்ஸில் காரணம்: எந்தக் கேள்வியின் நடுவில் என்ன சொன்னார், அது யார் யார் குறிப்பில் இருக்கிறது என்று. "கலந்தாலோசனைக்குப் பின் திருத்தப்பட்டது" என்று எழுதியிருந்தால் அது காரணமே ஆகாது. கலந்தாலோசனை நடந்தது என்பது மட்டும்தான் அதில் தெரியும். வேட்பாளர் அறைக்குள் சொன்ன அல்லது சொல்லாத ஏதோ ஒன்றில் போய் முடிகிற காரணம்தான் காரணம்.

எட்டு மாதம் கழித்துப் புகார் வந்தது. நேர்காணலுக்கு இரண்டாவதாக வந்த அந்த வேட்பாளர், மதிப்பெண் தாள்களின் நகலை வாங்கிப் பார்த்திருக்கிறார். தான் 1 மதிப்பெண்ணில் பின்தங்கியதும், முந்தியவருடைய தாளில் மட்டும் ஓர் அடித்தல் இருப்பதும் தெரிந்தால் என்ன நினைப்பார்? அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் நினைத்திருப்பேன்.

விசாரித்த அதிகாரி 3 சரியா 4 சரியா என்ற பேச்சுக்கே போகவில்லை. அறையில் இல்லாத ஒருவர் அதைத் தீர்மானிக்க முடியாது. மினிட்ஸும் அதை நிரூபிக்காது. அவர் கேட்டது வேறு: "இவருக்கு மட்டும் ஏன் திறந்தீர்கள்?"

இங்கேதான் நான் கிட்டத்தட்ட எழுதாமல் விட்ட ஒரு பத்தி கைகொடுத்தது. நேர்காணலுக்கு முதலாவதாக வந்தவருக்கு விளக்கிச் சொல்லும் திறனில் 4, 2, 3 விழுந்திருந்தது. அங்கேயும் இடைவெளி 2. அதையும் பேசினோம். குறிப்புகளை ஒப்பிட்டோம், மூவரும் ஒரே பதிலைத்தான் கேட்டிருந்தார்கள், மதிப்பீடுதான் வேறு. யாரும் மாற்றவில்லை. ஒன்றும் மாறாததை எதற்கு எழுதுவது என்று தலைவர் கேட்டார். எனக்கும் பேனா தயங்கியது, உண்மைதான். கடைசியில் நான்கு வரி எழுதினேன். விதியைத் தொட்ட இரண்டு இடங்களையும் திறந்தோம், ஒன்று மாறியது, ஒன்று மாறவில்லை என்று காட்ட அந்த நான்கு வரிதான் இருந்தது. அது இல்லையென்றால் விதி என்று ஒன்று காகிதத்தில் இருந்ததைத் தவிர எங்களிடம் வேறு எதுவும் இல்லை.

வித்தியாசத்தையும் நாங்கள் பூசி மெழுகவில்லை. "ஐந்தாமவர் தெளிவான முன்னிலை பெற்றார்" என்று தலைவர் சொன்ன வாக்கியத்தை நான் எழுதவில்லை. 75க்கு 1 மதிப்பெண் தெளிவான முன்னிலை கிடையாது. வேறொரு குழு உட்கார்ந்திருந்தால் மாறியிருக்கக்கூடிய இடைவெளி அது. "55, 54, முன்பே வகுத்த விதிப்படி தரவரிசை, இரண்டாமவர் காத்திருப்புப் பட்டியலில் முதல்" என்று மட்டும் எழுதினேன். மிகைப்படுத்திய ஒரு வாக்கியம் இருந்திருந்தால் புகார்தாரர் அதைத்தான் பிடித்து இழுத்திருப்பார்.

புகார் நிற்கவில்லை. ஆனால் முழு மதிப்பெண்ணோடு நான் வெளியே வரவில்லை. ஐந்தாமவரைப் பற்றிய என் தொகுப்புக் குறிப்பின் கடைசி வரியில் "பழகுவதற்கு இனியவர்" என்று எழுதியிருந்தேன். யாரும் சொல்லச் சொல்லவில்லை, எழுதும் வேகத்தில் வந்தது. அதிகாரி அதன் கீழே கோடு போட்டு, தாளை என் பக்கம் திருப்பி, "இது நான்கில் எந்த அளவுகோல்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.